ஆண்டுத் தேர்வுக்குப் பதில் தொடர் மதிப்பீடு: ஒரு தலைமையாசிரியர் செய்ய வேண்டியது என்ன?

ஆறாம் வகுப்பில் ஏப்ரல் மாதம் ஒரே ஒரு தேர்வு. அதில் வாங்கும் மதிப்பெண்தான் அந்த ஆண்டின் கணக்கு. இப்படி நடந்துவந்த பள்ளி தொடர் மதிப்பீட்டுக்கு மாறும்போது தலைமையாசிரியர் எதையெல்லாம் மாற்ற வேண்டியிருக்கும்? தமிழ்நாட்டின் முப்பருவ முறையை வைத்து அதைப் பார்க்கலாம். இங்கே வரும் தலைமையாசிரியரும் மாணவர்களும் விளக்கத்துக்காக நான் வைத்துக்கொண்டவர்கள். சட்டமும் முப்பருவ விதிகளும் உண்மையானவை.

முதலில் சட்டம். 2010 ஏப்ரல் 1 அன்று நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டத்தின் 29ஆம் பிரிவு, குழந்தை கற்றதைப் புரிந்துகொண்டதா, பயன்படுத்தத் தெரிகிறதா என்பதைத் தொடர்ச்சியாகவும் முழுமையாகவும் மதிப்பிடச் சொல்கிறது. எட்டாம் வகுப்பை முடிக்கும்வரை எந்த வாரியத் தேர்விலும் தேறியாக வேண்டும் என்று ஒரு குழந்தையைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்பது 30ஆம் பிரிவு. இவை இரண்டையும் பலரும் அறிவர். அதிகம் பேசப்படாதது 24ஆம் பிரிவு. ஒவ்வொரு குழந்தையின் கற்கும் திறனையும் ஆசிரியர் மதிப்பிட வேண்டும், தேவைப்பட்டால் அதற்கேற்பக் கூடுதலாகக் கற்பிக்க வேண்டும், பெற்றோரை அவ்வப்போது சந்தித்துக் குழந்தையின் வருகையையும் முன்னேற்றத்தையும் தெரிவிக்க வேண்டும் என்கிறது அது. கூடுதலாகக் கற்பிப்பதற்காகத்தான் மதிப்பீடு. அந்தப் பகுதியை விட்டுவிட்டு மதிப்பெண்ணை மட்டும் துண்டு போட்டால், ஒரு தேர்வு பத்துத் தேர்வாகிறது, அவ்வளவுதான்.

தமிழ்நாட்டில் 2012-13 கல்வியாண்டில் ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரை முப்பருவ முறை வந்தது. ஆண்டு மூன்று பருவங்களாகப் பிரிந்தது, பாடநூலும் மூன்றாகப் பிரிந்தது. ஒவ்வொரு பருவத்துக்கும் பாடத்துக்கு 100 மதிப்பெண். அதில் 40 பருவம் நடக்கும்போதே செய்யும் வளரறி மதிப்பீட்டுக்கு, 60 பருவ இறுதியில் நடக்கும் தொகுத்தறி மதிப்பீட்டுக்கு. வளரறி மதிப்பீட்டின் 40-இல் பாதி செயல்பாடுகளுக்கு, பாதி சிறு தேர்வுகளுக்கு. மதிப்பெண்ணைத் தர நிலையாக மாற்றி எழுதுவார்கள்: 91 முதல் 100 வரை ஏ1, 61 முதல் 70 வரை பி2, 51 முதல் 60 வரை சி1 என்று போகும்.

இப்போது நம் தலைமையாசிரியர். அவருடைய கணக்கு ஆசிரியர் மூன்று பிரிவுகளுக்குப் பாடம் எடுக்கிறார். பிரிவுக்கு 40 பேர் என்றால் 120 பிள்ளைகள். ஒரு பருவத்தில் நான்கு செயல்பாடு, நான்கு சிறு தேர்வு, எல்லாருக்கும் என்றால் 960 பதிவுகள். தேதியைத் திட்டமிடாவிட்டால் இவை பருவத்தின் கடைசி வாரத்தில் குவியும். ஆசிரியர் நள்ளிரவில் உட்கார்ந்து நினைவிலிருந்து மதிப்பெண் போடுவார். இந்த முறை பெரும்பாலும் சாகும் இடம் இதுதான்.

ஆகவே தலைமையாசிரியர் முதலில் கைவைத்தது மதிப்பெண் பட்டியலில் அல்ல, கால அட்டவணையில். ஒரே வாரத்தில் இரண்டு பாடங்களுக்குமேல் சிறு தேர்வு வராதபடி தேதிகளைப் பிரித்தார். சிறு தேர்வு 20 நிமிடத்துக்குமேல் போகக் கூடாது, மறுநாளே திருத்தித் தர வேண்டும் என்றார். செயல்பாடு வகுப்பறையில்தான் நடக்க வேண்டும், வீட்டுக்கு அனுப்பக் கூடாது. இந்த மூன்றாவது விதி மிக முக்கியம். வீட்டுக்கு அனுப்பினால் எழுதுபொருள் கடையில் வாங்கிய படமும் அம்மாவின் கையெழுத்தும் பள்ளிக்கு வரும். மதிப்பெண் அம்மாவுக்குத்தான் போக வேண்டும்.

பின்னங்களைக் கூட்டும் பாடம் நடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். சிறு தேர்வில் 1/2 + 1/3 என்ற கணக்குக்குப் பதினொரு பேர் 2/5 என்று எழுதியிருக்கிறார்கள். மேலே உள்ளதை மேலேயும் கீழே உள்ளதைக் கீழேயும் கூட்டியிருக்கிறார்கள். ஏப்ரல் தேர்வில் இது தெரிந்திருந்தால் திருத்த நேரமில்லை. விடைத்தாள் கட்டு அலமாரிக்குப் போயிருக்கும். இப்போது மறுநாளே அந்தப் பதினொரு பேரை ஒரு பக்கம் உட்காரவைத்து, தாளை மடித்துப் பாதியையும் மூன்றில் ஒன்றையும் காட்டி, இரண்டையும் ஆறில் எத்தனை பங்கு என்று எண்ணச் சொல்லலாம். 5/6 வரும். பாதிக்குமேல் இருக்க வேண்டிய விடை பாதியைவிடக் குறைவாக வந்ததே என்று அவர்களே கேட்டுக்கொள்வார்கள். அடுத்த சிறு தேர்வில் அதே மாதிரிக் கணக்கு ஒன்று கட்டாயம் இருக்க வேண்டும்.

அந்தப் பதினொருவரில் ஒருத்தி கயல்விழி. நான்கு செயல்பாடுகளில் அவள் பெற்றது பத்துக்கு 7, 9, 5, 8. கணக்கில் சேருவது சிறந்த இரண்டு மட்டும், அவற்றைக் கூட்டினால் 17. சிறு தேர்வுகளில் 3, 5, 6, 7. சிறந்த இரண்டு 13. ஆக வளரறியில் 30. தொகுத்தறியில் 60-க்கு 34. மொத்தம் 64, தரம் பி2. பெற்றோரிடம் சொல்ல வேண்டியது பி2 என்பதை மட்டுமல்ல. 3 என்று தொடங்கி 7-க்கு வந்த வரிசையையும் சொல்ல வேண்டும். சிறந்த இரண்டை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதைக் குறிப்பேட்டிலிருந்து அழித்துவிடும் ஆசிரியர்கள் உண்டு. அப்படிச் செய்தால் அந்த வரிசையே காணாமல் போகும்.

அதே வகுப்பில் இன்னொரு பையன்: வளரறியில் 37, தொகுத்தறியில் 19. மொத்தம் 56, சி1. பார்வைக்குக் குறையில்லை. ஆனால் 40-க்கு 37 வாங்கியவன் 60-க்கு 19 வாங்குவானா? தேர்வு நாளில் காய்ச்சலாக இருந்திருக்கலாம். எழுதுவதில் சிரமம் இருக்கலாம். ஒருவன் மட்டும் என்றால் அவனைத் தனியே கவனிக்க வேண்டும். வகுப்பில் பாதிப் பேர் இப்படி இருந்தால் 37 என்பது ஆசிரியர் நினைவிலிருந்து உட்கார்ந்து போட்ட எண். தலைமையாசிரியர் இதைக் கண்டுபிடிக்க ஆய்வுக் குழு எதுவும் தேவையில்லை. வளரறி, தொகுத்தறி மதிப்பெண் பத்திகள் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே போதும். வளரறியில் எல்லாரும் 36-க்கும் 39-க்கும் நடுவில் இருந்தால், ஐந்து பிள்ளைகளின் நோட்டை வாங்கித் தேதியோடு ஒப்பிட வேண்டும். சிறு தேர்வின் தாள் இல்லாமல் மதிப்பெண் மட்டும் இருந்தால் விடை கிடைத்துவிட்டது.

"பரீட்சை பயம் இல்லாவிட்டால் எப்படிப் படிப்பான்?" என்று கேட்கும் பெற்றோர் எல்லா ஊரிலும் உண்டு. தேர்வு எங்கேயும் போய்விடவில்லை, 60 மதிப்பெண் இன்னும் அதற்குத்தான் என்று சொன்னால் பாதிப் பேர் சமாதானமாவார்கள். மீதிப் பேரின் கவலையில் நியாயம் உண்டு. பத்தாம் வகுப்பில் ஆண்டு முழுவதும் படித்ததை ஒரே மூச்சில் எழுத வேண்டும். சிபிஎஸ்இ 2009-இல் ஒன்பதாம் வகுப்பிலும் பின்னர் பத்தாம் வகுப்பிலும் 40-60 முறையைக் கொண்டுவந்து பத்தாம் வகுப்பு வாரியத் தேர்வை விருப்பத்துக்கு விட்டது. 2017-18 கல்வியாண்டில் வாரியத் தேர்வைத் திரும்பவும் கட்டாயமாக்கியது. தமிழ்நாட்டிலும் 2013-14-இல் ஒன்பதாம் வகுப்புக்கு நீட்டிய முப்பருவ முறை பின்னர் அங்கிருந்து விலக்கப்பட்டது. 2019-இல் கல்வி உரிமைச் சட்டத்தைத் திருத்தி, ஐந்து, எட்டாம் வகுப்புகளில் தேர்வு வைக்கச் சொல்லி, தேறாதவர்களை அதே வகுப்பில் நிறுத்த மாநிலங்களுக்கு வழிவிட்டார்கள். தமிழ்நாடு அந்த வகுப்புகளுக்குப் பொதுத்தேர்வு வைக்க ஆணையிட்டு, எதிர்ப்பு வந்ததும் 2020 பிப்ரவரியில் திரும்பப் பெற்றது.

பெற்றோராக நீங்கள் பள்ளிக்குப் போனால் மூன்றைக் கேளுங்கள். திருத்திய சிறு தேர்வுத் தாளைக் காட்டச் சொல்லுங்கள். தவறாக எழுதியதை மறுபடி எப்போது சொல்லித் தந்தார்கள் என்று கேளுங்கள். பிள்ளை வராத நாளில் நடந்த தேர்வுக்குச் சுழியம் போட்டிருந்தால், திரும்பி வந்த பின் அந்தத் தேர்வை வைத்தார்களா என்றும் கேளுங்கள். பிள்ளையின் முன்னேற்றத்தை உங்களுக்குத் தெரிவிப்பது 24ஆம் பிரிவின்படி ஆசிரியரின் கடமை.