ஓடவெல்லாம் வராதுங்க டீச்சர்

கோபிச்செட்டிபாளையம் பக்கம் ஒரு பள்ளியில் பி.டி. டீச்சராக இருக்கிறேன். மதிய இடைவேளையில் ஒரு விளையாட்டுக் குழு தொடங்கப்போவதாகக் காலைக் கூட்டத்தில் மைக்கில் அறிவித்ததுதான் நான் செய்த முதல் தப்பு. வந்ததெல்லாம் கபடி டீமும் கோ-கோ டீமும். யாரை மனதில் வைத்துத் தொடங்கினேனோ, அவர்கள் வராந்தாவில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தார்கள்.

அடுத்த வாரம் அந்த வராந்தாவில் நானும் டிபன் பாக்ஸோடு போய் உட்கார்ந்தேன். "எனக்கு ஓடவெல்லாம் வராதுங்க டீச்சர்" என்றாள் ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி. மெதுவாகக் கேட்டபோது காரணம் வேறாக இருந்தது. டீம் பிரிக்கும்போது எப்போதும் கடைசியில் மிஞ்சுவது அவள்தான். வேர்த்த சட்டையோடு மத்தியானம் முழுக்க வகுப்பில் உட்காரவும் கூச்சம். இதைச் சோம்பல் என்று எழுதிவிடுவது நமக்குச் சுலபம்.

அதனால் கும்மியை எடுத்தேன். எங்கள் பக்கத்துக் கோயில் விழாக்களில் வள்ளி கும்மி ஆடிப் பார்க்காத பிள்ளை குறைவு. வட்டத்தில் அவுட் கிடையாது, கடைசி ஆள் கிடையாது. எல்லோரும் உள்பக்கம் பார்த்து ஆடுவதால் வேடிக்கை பார்ப்பவர்களின் கண்ணும் உறுத்தாது. இடத்தையும் மைதானத்திலிருந்து கட்டடத்துக்குப் பின்னாலிருக்கும் வேப்பமர நிழலுக்கு மாற்றினேன். யூனிபார்ம் மாற்ற வேண்டாம், வருகைப் பதிவும் இல்லை. சாப்பிட்டுக் கால் மணி நேரம் கழித்து 15 நிமிட ஆட்டம். முதல் மூன்று நிமிடம் கைதட்டிக்கொண்டு நடை மட்டும். மணி அடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போதே நிறுத்திவிடுவேன். முகம் கழுவி, தண்ணீர் குடித்து, வேர்வை அடங்கி வகுப்புக்குப் போகலாம்.

வேகம் போதுமா என்று பார்க்கப் பாட்டே போதும். ஆடிக்கொண்டே இழுத்துப் பாட முடிந்தால் உடம்புக்கு வேலை குறைவு. பேச முடிகிறது, ஆனால் பாட மூச்சு போதவில்லை என்றால் மிதமான வேகம். பேச்சே திணறினால் நடைக்கு இறக்கிவிடுவேன். இளைப்பு உள்ள பிள்ளைகள் இன்ஹேலரோடுதான் வருவார்கள். இந்த வயதுக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்வது சராசரியாக நாளுக்கு 60 நிமிடம். எங்கள் 15 நிமிடம் அதில் கால் பங்குதான்.

அந்தப் பெண் முதலில் ஆட வரவில்லை. ஸ்பீக்கரில் பாட்டுப் போடும் வேலையைக் கொடுத்தேன். மரத்தடியில் நின்று தாளம் போட்டவள், மூன்றாவது வாரம் வட்டத்தில் ஒரு இடம் காலியாக இருந்தபோது தானாக உள்ளே வந்தாள். நான் கவனிக்காத மாதிரி இருந்துவிட்டேன்.

அப்புறம் ஒரு சறுக்கல். ஆண்டு விழா மேடைக்கு நன்றாக ஆடும் 12 பேரைத் தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள், நானும் சரி என்றேன். ஒத்திகை தொடங்கிய வாரமே பலர் மறுபடி வராந்தாவுக்குப் போய்விட்டார்கள், அவளும்தான். மேடைப் பயிற்சியைச் சாயங்காலத்துக்குத் தள்ளி, மத்தியான வட்டத்தைப் பழையபடி எல்லோருக்கும் விட்டேன். அவள் திரும்பி வரப் பத்து நாள் ஆனது. முதல் இரண்டு நாள் ஸ்பீக்கர் பக்கம்தான் நின்றாள்.