குடியேறிய ஒட்டுண்ணியும் ஒத்துழைக்காத சிவப்பணுவும்

அரிவாள் செல் மரபணுவைப் பெற்றோரில் ஒருவரிடமிருந்து மட்டும் பெற்றவர்களை மலேரியா அண்டாது என்று பாடநூல்களில் படித்திருப்போம். இந்தச் சொற்றொடர் பாதிதான் சரி. கொசு அவர்களையும் கடிக்கிறது, ஒட்டுண்ணி அவர்களுடைய இரத்தத்திலும் நுழைகிறது, காய்ச்சலும் வரலாம். ஆனால் நினைவிழந்து கிடக்கும் நிலைக்கோ உயிருக்கு ஆபத்தான இரத்தச்சோகைக்கோ அவர்கள் தள்ளப்படுவது மிக அரிது. தொற்றுக்கும் கடுமைக்கும் இடையிலுள்ள இந்த வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டால்தான் மற்றவை விளங்கும்.

1954-இல் அந்தோணி அல்லிசன் என்ற மருத்துவ ஆய்வாளர் உகாண்டாவில் 290 குழந்தைகளின் இரத்தத்தைப் பரிசோதித்தார். அரிவாள் மரபணுவைத் தாங்கிய 43 குழந்தைகளில் 12 பேரிடம் ஒட்டுண்ணி இருந்தது. தாங்காத 247 பேரில் 113 பேரிடம் இருந்தது. வேறுபாடு தெளிவுதான், ஆனாலும் முதல் குழுவில் நான்கில் ஒரு பங்குக்கு மேற்பட்டவர்கள் தொற்றுடனேயே இருந்தார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். பின்னாளில் ஆப்பிரிக்காவின் பல நாடுகளில் நடந்த பெரிய ஆய்வுகள், இந்த ஒற்றை மரபணு, ஃபால்சிபாரம் என்னும் ஒட்டுண்ணி வகையால் வரும் கடுமையான மலேரியாவின் அபாயத்தை ஏறத்தாழ 90 விழுக்காடு குறைப்பதைக் காட்டின. மனித இனத்தில் அறியப்பட்ட மரபணு மாற்றங்களில் ஒரு நோய்க்கு எதிராக இவ்வளவு வலிய காப்பு தருபவை மிகச் சில.

அந்தக் காப்பு எங்கிருந்து வருகிறது என்று அறிய, சிவப்பணுவுக்குள் ஒட்டுண்ணி கழிக்கும் 48 மணி நேரத்தைப் பின்தொடர வேண்டும். பிளாஸ்மோடியம் ஃபால்சிபாரம் உள்ளே நுழைந்த முதல் அரைநாள் அளவுக்கு ஒரு சிறு வளையம்போல் அமைதியாக இருக்கிறது. அந்தச் சிவப்பணு மற்ற அணுக்களோடு சேர்ந்து இரத்தத்தில் சுற்றிக்கொண்டேயிருக்கும். பிறகு ஹீமோகுளோபினைச் செரித்துக்கொண்டே வளரத் தொடங்குகிறது. வளர்ந்த ஒட்டுண்ணியைத் தாங்கிய அணு விறைப்பாகிவிடுவதால் மண்ணீரலின் குறுகிய இடுக்குகளில் சிக்கி அழிக்கப்பட்டுவிடும். அதைத் தவிர்க்க ஒட்டுண்ணி ஒரு வழி வைத்திருக்கிறது. தான் தயாரித்த ஒட்டும் புரதத்தைச் சிவப்பணுவின் மேற்பரப்புக்கு அனுப்பி, அங்கே நுண்ணிய குமிழ்களில் நிறுத்துகிறது. அந்தப் புரதம் நுண்குழாய்களின் உட்சுவரைப் பற்றிக்கொள்வதால் அணு ஓரிடத்தில் தங்கிவிடுகிறது. மண்ணீரலுக்குப் போகவே வேண்டியதில்லை. இவ்வாறு ஆயிரமாயிரம் அணுக்கள் மூளையின் நுண்குழாய்களில் ஒட்டி அடைக்கும்போதுதான் மூளை மலேரியா உண்டாகிறது.

இப்போது அரிவாள் மரபணுவைத் தாங்கியவரின் சிவப்பணுவை எடுத்துக்கொள்வோம். ஹீமோகுளோபினின் பீட்டாச் சங்கிலியில் ஆறாம் இடத்திலுள்ள குளூட்டாமிக் அமிலம் வாலினாக மாறியிருப்பதே அரிவாள் ஹீமோகுளோபின். ஒற்றை மரபணுக்காரரின் ஒவ்வொரு சிவப்பணுவிலும் இது ஏறத்தாழ 40 விழுக்காடும், இயல்பான ஹீமோகுளோபின் மீதியும் இருக்கும். சாதாரண வாழ்வில் இந்தக் கலவை தொல்லை தருவதில்லை. ஆனால் ஒட்டுண்ணி புகுந்த அணுவில் நிலை மாறுகிறது. 1970-இல் நைஜீரியாவின் இபாடானில் லுசியோ லுசாட்டோவும் உடன் பணிபுரிந்தவர்களும், ஒரே குருதியில் ஒட்டுண்ணியுள்ள அணுக்கள் மற்றவற்றைவிடப் பன்மடங்கு வேகமாக அரிவாள் வடிவம் பெறுவதைக் கண்டார்கள். வடிவம் கெட்ட அணுவை மண்ணீரல் எளிதில் கண்டு நீக்கிவிடும். ஆக்சிஜன் குறைந்த இடத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும் ஒட்டுண்ணியின் வளர்ச்சியும் இத்தகைய அணுக்களில் தடைப்படுகிறது.

இதனினும் முக்கியமாக எனக்குத் தோன்றுவது மேற்பரப்பில் நடக்கும் மாற்றம். ஒட்டும் புரதத்தை வெளியே கொண்டுசெல்ல, ஒட்டுண்ணி அணுவின் சொந்த ஆக்டின் இழைகளைக் கலைத்துத் தனக்கேற்ற பாதை அமைத்துக்கொள்கிறது. அரிவாள் ஹீமோகுளோபின் இருக்கும்போது அந்தப் பாதை ஒழுங்காக அமைவதில்லை. புரதம் குறைவாகவும் தாறுமாறாகவும் வந்துசேர்கிறது. அணு சுவரில் உறுதியாக ஒட்டாமல் நழுவுகிறது. தொற்று இருந்தும் கடுமை இல்லாத விந்தையை மற்ற விளக்கங்களைவிட இது நேராக விளக்குகிறது. ஆனாலும் இது மட்டுமே காரணம் என்று சொல்லிவிட முடியாது. பல வழிகள் ஒருசேர இயங்குவதாகவே சான்றுகள் காட்டுகின்றன.

பெற்றோர் இருவரிடமிருந்தும் இந்த மரபணுவைப் பெறும் குழந்தைக்குக் கொடிய நோய் வருகிறது. அப்படியிருந்தும் இது ஏன் மறையவில்லை என்பதை ஒரு கணக்கால் காணலாம். ஓர் ஊரில் மரபணுக்களில் பத்தில் ஒன்று அரிவாள் வகை எனக் கொள்வோம். பிறக்கும் 1000 குழந்தைகளில் 810 பேர் இயல்பானவர்கள், 180 பேர் ஒற்றை மரபணுக்காரர்கள், 10 பேர் நோயாளிகள். மருத்துவ வசதியற்ற காலத்தில் அந்த 10 பேரும் இளமையிலேயே இறக்கிறார்கள். இயல்பான 810 பேரில் 90 பேரை மலேரியா கொல்கிறது என்றும் கொள்வோம். எஞ்சும் 900 பேரிடம் உள்ள 1800 மரபணுக்களில் 180 அரிவாள் வகை, அதாவது மறுபடியும் பத்தில் ஒன்று. இயல்பான ஒன்பது குழந்தைகளில் ஒன்றை மலேரியா பறித்தால் மட்டுமே நிற்கக்கூடிய சமநிலை இது. நீலகிரிப் பகுதியின் பழங்குடி மக்களிடம் 1952-இல் லேமனும் கட்புஷ்ஷும் இந்த மரபணுவைக் கண்டறிந்தார்கள். அந்த மலையடிவாரக் காடுகள் மலேரியாவுக்குப் பேர்போனவையாக இருந்தன.

ஆல்ஃபா தலசீமியா என்னும் இன்னொரு மரபணுக் குறைபாடு வேறு வழியில் உதவுகிறது. இதில் ஹீமோகுளோபினின் மற்றொரு பகுதியான ஆல்ஃபாச் சங்கிலி குறைவாக உற்பத்தியாவதால் சிவப்பணுக்கள் சிறியவையாகவும் எண்ணிக்கையில் கூடுதலாகவும் இருக்கும். மலேரியா ஒரே எண்ணிக்கையிலான அணுக்களை அழித்தாலும் ஒவ்வோர் அணுவிலும் ஹீமோகுளோபின் குறைவு என்பதால், மொத்த இழப்பு குறைவாகவே அமைகிறது. கடுமையான இரத்தச்சோகை தவிர்கிறது. ஆனால் இரண்டு காப்பும் சேர்ந்தால் இரட்டிப்பாகும் என்று எண்ணிவிடக் கூடாது. கென்யாவின் கிலிஃபியில் நடந்த ஆய்வில், இரண்டையும் ஒருசேரப் பெற்ற குழந்தைகளிடம் காப்பு ஏறத்தாழ மறைந்தே போயிருந்தது. ஆல்ஃபாச் சங்கிலிக்குத் தட்டுப்பாடு வரும்போது அது இயல்பான பீட்டாவோடு சேரவே விரும்புவதால் அணுவில் அரிவாள் ஹீமோகுளோபினின் பங்கு குறைந்துவிடுவது இதற்கு ஒரு காரணமாகக் கருதப்படுகிறது.

ஜி6பிடி என்னும் நொதியின் குறைபாட்டில் சான்று இவ்வளவு தெளிவாக இல்லை. ஆக்சிஜனேற்றத் தாக்குதலிலிருந்து சிவப்பணுவைக் காப்பது இந்த நொதி. இது குறைந்த அணுவில், ஒட்டுண்ணி ஹீமோகுளோபினைச் செரிக்கும்போது உண்டாகும் சேதம் விரைவில் வெளிப்பட, விழுங்கணுக்கள் இளம் வளையப் பருவத்திலேயே அதை விழுங்கிவிடுகின்றன. ஆனால் 2017-இல் வெளியான பல நாட்டு ஆய்வு, நொதி குறையக் குறைய மூளை மலேரியாவின் அபாயம் தணிவதையும் கடுமையான இரத்தச்சோகையின் அபாயம் ஏறுவதையும் ஒருசேரக் காட்டியது. எளிதில் உடையும் அணு இரு பக்கமும் வெட்டுகிறது.

இந்தக் குறைபாடு உள்ளவருக்கு, வைவாக்ஸ் என்னும் வேறு வகை மலேரியா திரும்ப வராமலிருக்கத் தரப்படும் பிரைமாகுவின் மாத்திரை சிவப்பணுக்களைத் திடீரென உடைத்துச் சிறுநீரைக் கருக்கச் செய்யலாம். ஆகவே மாத்திரைக்கு முன்பே நொதியைச் சோதிப்பது நல்லது. அணுக்கள் உடைந்தபின் சோதித்தால், நொதி மிகுந்த புதிய இளம் அணுக்களே இரத்தத்தில் நிறைந்திருப்பதால், குறைபாடுள்ளவருக்கும் முடிவு இயல்பு என்று வரக்கூடும். அப்படி ஐயம் இருந்தால் சில மாதங்கள் கழித்து மறுபடி சோதிக்கிறார்கள்.