‘ஆள் இல்லை’ என்று டாக்டரின் விடுப்பைத் திருப்பினால் என்ன செய்வது?

செட்டிநாட்டுப் பக்கத்து அரசு மருத்துவமனைகளில் ஒரு டாக்டர் விடுப்புக் கேட்டால், பதில் பெரும்பாலும் வாயால்தான் வரும். “டியூட்டி சார்ட்டைப் பாருங்க டாக்டர், ஆளே இல்ல.” அது பல நேரம் உண்மையும்தான். ஒருவர் மகப்பேறு விடுப்பில் இருப்பார், இன்னொருவரை மாற்றுப்பணி என்று வேறு ஊருக்கு அனுப்பியிருப்பார்கள். ஆனால் வாயால் சொன்ன பதிலை வைத்துக்கொண்டு மேலே யாரிடமும் போக முடியாது.

விதி சுருக்கமானது. அரசு ஊழியர்களுக்கான அடிப்படை விதி 67-இன்படி, விடுப்பை உரிமையாகக் கோர முடியாது. அனுமதிக்கும் அதிகாரி மறுக்கலாம், கொடுத்ததையும் ரத்து செய்யலாம். எல்லோரும் இந்தப் பாதியைத்தான் சொல்லுவார்கள். இன்னொரு பாதி இருக்கிறது: நீங்கள் கேட்ட விடுப்பின் வகையை அதிகாரி தன் இஷ்டத்துக்கு மாற்ற முடியாது. ஈட்டிய விடுப்பு கேட்டால், கொடுக்கலாம் அல்லது மறுக்கலாம். அதைச் சம்பளமில்லாத விடுப்பாகத் திருப்பிவிட முடியாது.

யாரிடம் கேட்கிறோம் என்பதிலும் ஒரு சிக்கல். சி.எல். என்ற தற்செயல் விடுப்பை மருத்துவமனைத் தலைமையே கொடுத்துவிடும். ஈ.எல்., அதாவது ஈட்டிய விடுப்பு என்றால் வழக்கமாக இணை இயக்குநர் அலுவலகம் வரை போக வேண்டும். அப்படிப் போக வேண்டிய விண்ணப்பத்துக்கு, தலைமை மருத்துவரின் ‘ஆள் இல்லை’ வெறும் குறிப்புதான், முடிவு அல்ல. “பரிந்துரைக்கப்படவில்லை” என்று எழுதியாவது அவர் மேலே அனுப்ப வேண்டும். பல விண்ணப்பங்கள் அனுப்பாமலே மேஜையில் கிடந்து, விடுப்புத் தேதி தாண்டிய பிறகு ‘இனி தேவையில்லை’ என்று கோப்பு மூடப்படுகிறது.

எனக்குத் தெரிந்த ஒரு பெண் டாக்டரின் கதையை வைத்துப் பார்ப்போம். தங்கையின் கல்யாணம் தை மாதம், ஜனவரி 21. ஜனவரி 15 முதல் 25 வரை ஈ.எல். கேட்டார். வந்த பதில்: “பணியாளர் பற்றாக்குறை காரணமாகத் தற்போது பரிசீலிக்க இயலாது.” இது மறுப்பா, ஒத்திவைப்பா? மேலே போனதா, போகவில்லையா? ஒன்றும் புரியாத மாதிரி எழுதப்பட்ட பதில் இது.

நியாயமான பதிலில் மூன்று விஷயங்கள் இருக்க வேண்டும்: எந்தெந்த நாளில் ஆள் குறைவு, எந்த நாட்களில் போகலாம், விண்ணப்பம் எங்கே இருக்கிறது. இவர் அதையே எழுத்தில் கேட்டார். சார்ட்டை எடுத்துப் பார்த்தால், நிஜமான நெருக்கடி 15 முதல் 17 வரைதான். அது பொங்கல் நேரம். சிராவயல் மஞ்சுவிரட்டில் மாடு முட்டியவர்களை அள்ளிக்கொண்டு வருவார்கள். 18-க்குப் பிறகு, சக டாக்டர் ஒருவர் இரவுப் பணிகளை மாற்றிக்கொள்ளச் சம்மதித்தார். அந்தச் சம்மதத்தை எழுதி வாங்கி இணைத்து, 18 முதல் 25 வரை எட்டு நாள் என்று புதிதாக விண்ணப்பம் போட்டார். கூடவே குடியரசு தினமான 26-ஆம் தேதியைப் பின்னால் சேர்த்துக்கொள்ள அனுமதியும் கேட்டார். விடுப்பு கிடைத்தது. முதல் பதிலிலேயே இந்த நாட்களைச் சொல்லியிருந்தால் அந்தக் குடும்பம் பத்து நாள் தவித்திருக்காது.

இங்கே இரண்டு பொறிகள். ஒன்று, நல்ல மனசோடுதான் சொல்லுவார்கள்: “ஈ.எல். கேட்காதீங்க, மெடிக்கல் போட்டுட்டுப் போங்க.” போகாதீர்கள். உங்களை மருத்துவக் குழுவின் பரிசோதனைக்கு அனுப்ப அதிகாரியின் ஒரு கடிதம் போதும். கல்யாண ஃபோட்டோ வாட்ஸ்அப்பில் சுற்றும்போது, யோசனை சொன்னவர் உங்கள் பக்கம் நிற்க மாட்டார். பொய்ச் சான்று விஷயத்தில், சான்று எழுதிக் கொடுத்த நண்பருக்கும் மருத்துவக் கவுன்சிலில் சிக்கல் வரலாம்.

இரண்டாவது, “சரி, போயிட்டு வாங்க, ஆர்டர் அப்புறம் வரும்” என்பது. சொன்னவர் மாறுதலில் போய்விட்டால், புதியவர் கையில் இருப்பது வருகைப் பதிவேடு மட்டுமே. அனுமதியின்றிப் பணிக்கு வராதவர் என்று மெமோ வந்த பிறகு “அவர் சொன்னாரே” என்பது எடுபடாது. எழுத்தில் அனுமதி கையில் வந்த பிறகு பெட்டியைக் கட்டுங்கள்.

சி.எல்.லையும் ஈ.எல்.லையும் ஒட்டிப் போட முடியாது என்பதையும் மறக்க வேண்டாம். நாலு நாள் சி.எல்., மிச்சம் ஈ.எல். என்று எழுதிய விண்ணப்பத்தை, சார்ட்டைப் பார்க்காமலே திருப்பிவிடுவார்கள்.

விண்ணப்பத்தின் நகலில் அலுவலக முத்திரையும் தேதியும் வாங்குங்கள். தபால் பிரிவில் “அப்புறம் போடுறோம்” என்றால், பதிவுத் தபாலில் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். திரும்பி வந்த அன்று முற்பகலிலேயே பணியேற்பு அறிக்கை கொடுத்து, அதன் நகலிலும் கையெழுத்து வாங்குங்கள்.