வாடிக்கையாளர் சொல்லாததை அவர் வாயில் வைக்காதீர்கள்

போன வாரம் ஒரு சத்துமாவுக் கடைக்கு இணையத்தில் போடப் பொருள் விவரம் எழுதக் கேட்டார்கள். எல்லாம் பேசி முடித்த பிறகு கடைக்காரர், "அப்படியே ஒரு நாலஞ்சு ரிவ்யூவும் நீங்களே எழுதிப் போட்டுடுங்க மேடம். எங்க கஸ்டமர் எல்லாரும் நல்லாத்தான் சொல்றாங்க" என்றார். சிறு தயாரிப்பாளர்களுக்கு எழுதிக் கொடுப்பதே என் தொழில். இந்த வேண்டுகோளைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. கேட்பவர்கள் மோசடிக்காரர்களும் இல்லை. மாவில் ஒரு பிடி மைதா கலக்கச் சொன்னால் சண்டைக்கு வருவார்கள். ரிவ்யூவை மட்டும் பெட்டியின் மேல் ஒட்டும் அலங்காரத் தாளாக நினைக்கிறார்கள்.

"எல்லாரும் நல்லாத்தான் சொல்றாங்க, அதை நாம் எழுதினா அது எப்படிப் பொய்யாகும்?" இதுதான் எல்லாரும் சொல்லும் நியாயம். பொறுமையாகவே பதில் சொல்கிறேன். மேற்கோள் குறி போட்டு, கீழே ஒரு பெயரும் ஊரும் போட்டால், நீங்கள் படிப்பவரிடம் மூன்று விஷயங்களைச் சொல்கிறீர்கள். இப்படி ஒருவர் இருக்கிறார். அவர் இந்த மாவை வாங்கிக் கஞ்சி காய்ச்சிக் குடித்தார். குடித்துவிட்டு இந்த வார்த்தைகளைச் சொன்னார். இதில் ஒன்று இல்லையென்றாலும் அது பொய்தான். பத்துப் பேர் பத்து விதமாகச் சொன்னதைக் கலக்கி நீங்கள் ஒரு வாக்கியம் செய்தால், அந்த வாக்கியத்தைச் சொன்ன பதினொன்றாவது ஆள் உலகத்தில் கிடையாது. உங்கள் மாவு உண்மையிலேயே நன்றாக இருக்கலாம். அதனால் அந்த ஆள் பிறந்துவிட மாட்டார்.

பொதுவாக வரும் கருத்தைச் சொல்ல ஆசையா? உங்கள் குரலிலேயே சொல்லுங்கள். "ஒருமுறை வாங்கியவர்களில் பலர் மறுபடியும் வாங்குகிறார்கள்" என்று எழுதலாம், ஆர்டர் நோட்டு அப்படிக் காட்டினால். அது உங்கள் வாக்கு, பொறுப்பும் உங்களுடையது. அதையே இல்லாத ஒரு பெண்மணியின் பெயரில் எழுதும்போது, உங்கள் வாக்கை நீங்களே நம்பாத மாதிரி ஆகிறது.

சட்டமும் இதைத் தெளிவாகவே சொல்கிறது. 2020-இல் வந்த மின்வணிக நுகர்வோர் பாதுகாப்பு விதிகளின்படி, விற்பவர் தன்னை வாடிக்கையாளராகக் காட்டிக்கொண்டு ரிவ்யூ போடக் கூடாது. பெரிய தளத்தில் கடை வைத்திருப்பவருக்கும், சொந்தத் தளத்தில் சொந்தச் சரக்கை விற்பவருக்கும் இது உண்டு. தவறான விளம்பரம் பற்றி 2022-இல் வந்த வழிகாட்டு நெறிகள், ஒருவர் பொருளைப் பற்றிச் சொல்லும் கருத்து அவருடைய உண்மையான, ஓரளவு அண்மைக்காலக் கருத்தாக இருக்க வேண்டும், பொருளைப் பற்றிய போதுமான தகவலிலிருந்தோ அனுபவத்திலிருந்தோ வந்திருக்க வேண்டும் என்கின்றன. தவறான விளம்பரத்துக்கு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் போடலாம். சின்னக் கடைதானே என்று யாரும் விலக்குக் கொடுக்கவில்லை.

சரி, கற்பனை ரிவ்யூ வேண்டாம் என்று ஒத்துக்கொண்டவர்கள் அடுத்து விழும் குழி இன்னொன்று. அதே கடைக்காரரிடம், வாட்ஸ்அப்பில் வந்ததை எல்லாம் அனுப்பச் சொன்னேன். அவர் ஏற்கெனவே விளம்பரத்தில் பயன்படுத்திய ஒன்று இப்படி இருந்தது: "மாவு நல்லா இருக்கு… பாப்பா விரும்பி குடிக்கிறா." முழுச் செய்தியைக் கேட்டு வாங்கிப் பார்த்தால் இது:

"அக்கா மாவு நல்லா இருக்கு வாசனையும் சூப்பர். ஆனா சுடுதண்ணில போட்டா கட்டி தட்டுது, ரெண்டு தடவ வேஸ்ட் ஆச்சு. அப்புறம் பச்ச தண்ணில கரைச்சு வெச்சேன் சரியா வந்துச்சு. ஏலக்கா கொஞ்சம் ஜாஸ்தி. பாப்பா விரும்பி குடிக்கிறா."

அந்த மூன்று புள்ளிக்குள் என்னவெல்லாம் போயிருக்கிறது பாருங்கள். இரண்டு தடவை கஞ்சி வீணானது, ஏலக்காய் தூக்கலாக இருந்தது, இரண்டும் காணோம். மிச்சம் வைத்த ஒவ்வொரு வார்த்தையும் அந்தப் பெண் எழுதியதுதான். ஆனாலும் அவர் சொன்னது அது இல்லை.

வெட்டவே கூடாது என்று நான் சொல்லவில்லை. பொருள் விவரத்தில் இடம் குறைவு, வெட்டித்தான் ஆக வேண்டும். வெட்டியபின் ஒரு சோதனை செய்யுங்கள்: வெட்டியதை எழுதியவருக்கே அனுப்பினால், "ஆமா, நான் சொன்னது இதுதான்" என்பாரா? பிள்ளைக்குக் காய்ச்சல், பார்சல் தாமதம் என்று சம்பந்தமில்லாமல் எழுதியதை எடுத்தால் என்பார். "ஆனா" என்று தொடங்கும் வாக்கியத்தை எடுத்தால் என்ன சொல்வார் என்று உங்களுக்கே தெரியும். என் மேசையில் நான் முதலில் தேடுவது அந்த "ஆனா"வைத்தான். அது வெட்டுக்குள் போயிருந்தால் அந்த மேற்கோளைத் திருப்பி அனுப்பிவிடுவேன். எழுத்துப்பிழையைத் திருத்தலாம். 'நல்லா இருக்கு' என்பதை 'மிகவும் அருமை' ஆக்கக் கூடாது. இரண்டு வெவ்வேறு செய்தியிலிருந்து ஆளுக்கொரு வரி எடுத்து ஒரே ஆளாக ஒட்டவும் கூடாது.

இதில் வருத்தம் என்னவென்றால், கடைக்காரர் வெட்டி எறிந்ததுதான் அந்தச் செய்தியிலேயே விற்கக்கூடிய பகுதி. மாவைக் கொதிக்கும் நீரில் நேராகக் கொட்டினால் வெளிப்பக்கம் உடனே வெந்து பசையாகி உள்ளே காய்ந்த மாவு மாட்டிக்கொள்ளும், கட்டி தட்டும். முதல்முறை வாங்குகிறவர் பலர் இதைத்தான் செய்வார்கள், செய்துவிட்டு மாவைத் திட்டுவார்கள். அதனால் விவரத்தில் இப்படி எழுதினேன்:

"இரண்டு மேசைக்கரண்டி மாவை முதலில் அரை டம்ளர் பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்துக்கொள்ளுங்கள். பிறகு அடுப்பில் வைத்துக் கிளறுங்கள். சுடுநீரில் நேராகப் போட்டால் கட்டி தட்டும்."

இதற்கு நேர் கீழே, அந்த வாடிக்கையாளரின் வரி: "சுடுதண்ணில போட்டா கட்டி தட்டுது, ரெண்டு தடவ வேஸ்ட் ஆச்சு. அப்புறம் பச்ச தண்ணில கரைச்சு வெச்சேன் சரியா வந்துச்சு." ஏலக்காயைப் பற்றிய வரியைச் சுவை பற்றிச் சொல்லும் இடத்தில், அவர் "விரும்பி குடிக்கிறா" என்றதோடு சேர்த்தே வைத்தேன். கடைக்காரருக்கு முதலில் மனமில்லை. ஏலக்காய் பிடிக்காதவர் வாங்கித் திருப்பி அனுப்புவதைவிட, வாங்காமல் இருப்பது உங்களுக்கு லாபம் என்றேன். ஒத்துக்கொண்டார்.

மேற்கோளை எங்கே வைப்பது என்பதற்கும் இதுவே பதில். பக்கத்தின் அடியில் 'வாடிக்கையாளர் கருத்துகள்' என்று குவித்து வைத்தால் யாரும் படிப்பதில்லை. நீங்கள் ஒன்றைச் சொல்கிற இடத்திலேயே, அதைப் பார்த்த ஒருவரின் வரி வர வேண்டும். ஒரு கூற்றுக்கு ஒரு மேற்கோள் போதும். அதுவும், வாடிக்கையாளருக்குத் தெரிய வாய்ப்புள்ள விஷயத்துக்கு மட்டும். சுவை, மணம், பேக்கிங், கரைகிற விதம், குழந்தை குடித்ததா துப்பியதா, இதற்கெல்லாம் அவர் சாட்சி. "கெமிக்கல் எதுவுமே இல்லை" என்று அவர் எழுதியிருந்தால் அதைப் போடாதீர்கள், அவர் எப்படி அறிவார்? அதற்கு ஆய்வக அறிக்கை வேண்டும். உள்ளே என்னென்ன தானியம், எவ்வளவு என்பதற்குச் சேர்பொருள் பட்டியல் வேண்டும். இதற்கெல்லாம் ரிவ்யூவைச் சாட்சியாக நிறுத்தாதீர்கள்.

இப்போது கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்ல வேண்டியது ஒன்று. கடைக்காரர் அனுப்பிய செய்திகளில், இந்தக் கஞ்சி குடித்து அப்பாவுக்குச் சர்க்கரை குறைந்துவிட்டது என்று ஒன்றும் இருந்தது. உண்மையான வாடிக்கையாளர், மனதாரச் சொன்னது. "இது நான் சொல்லலையே மேடம், அவங்க சொன்னது" என்றார் கடைக்காரர். உங்கள் விவரத்தில் ஏறிய அடுத்த நொடி அது உங்கள் கூற்று. உணவுப்பொருள் நோயைத் தடுக்கும், குணமாக்கும் என்று விளம்பரம் செய்வதை உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2018-ஆம் ஆண்டு விளம்பர ஒழுங்குமுறைகள் தடுக்கின்றன. அந்த அப்பா மாத்திரையும் எடுத்திருப்பார், நடையும் போயிருப்பார், நமக்குத் தெரியாது. அந்த வரியைப் படித்து வேறொரு வீட்டில் ஒருவர் மாத்திரையை நிறுத்தினால்? தயவுசெய்து, இப்படிப்பட்ட செய்தி வந்தால் நன்றி சொல்லி உங்களோடு வைத்துக்கொள்ளுங்கள். விளம்பரத்துக்குக் கொண்டுவராதீர்கள்.

அனுமதி கேளுங்கள். வாட்ஸ்அப்பில் உங்களுக்கு எழுதியவர் ஊருக்கு எழுதவில்லை. "நீங்க எழுதினதுல இந்த ரெண்டு வரியை எங்க பக்கத்துல போடலாமா? பெயர் போடலாமா, வேண்டாமா?" என்று வெட்டிய வடிவத்தையே அனுப்பிக் கேளுங்கள். பெயர் வேண்டாம் என்றால் 'வாங்கியவர்' என்று மட்டும் போடுங்கள், மாற்றுப் பெயர் சூட்ட வேண்டாம். முழுச் செய்தியின் ஸ்கிரீன்ஷாட், தேதி, ஆர்டர் எண், அவருடைய சம்மதம், நான்கையும் ஒரே இடத்தில் வையுங்கள். நாளை யாராவது கேட்டால் எடுத்துக் காட்டத்தான். மாவில் தானியத்தை மாற்றினீர்களா, வறுக்கும் பக்குவத்தை மாற்றினீர்களா? பழைய பக்குவத்துக்கு வந்த மேற்கோளை அன்றே எடுத்துவிடுங்கள், அது இப்போது வேறொரு பொருளைப் பற்றிய பேச்சு. சொந்தக்காரர், இலவசமாக வாங்கியவர் சொன்னதென்றால் அதையும் பக்கத்திலேயே சொல்லிவிடுங்கள்.

"எனக்கு எல்லாரும் 'சூப்பர்'னு மட்டும்தான் அனுப்புறாங்க" என்று குறைப்படுகிறவர்கள், கேள்வியை மாற்றுங்கள். "எப்படி இருந்துச்சு?" என்றால் சூப்பர்தான் வரும். பார்சல் போய்ச் சேர்ந்து பத்து நாள் கழித்து, பாதிப் பாக்கெட் தீர்ந்திருக்கும்போது, "முதல் தடவை காய்ச்சும்போது ஏதாவது சிரமம் இருந்துச்சா? வீட்ல யார் குடிக்கிறாங்க?" என்று கேட்டுப் பாருங்கள். ஆட்களும் அடுப்பும் உள்ள பதில் வரும். பொய் ரிவ்யூவில் இது இருக்காது. அதில் கடையின் முழுப்பெயர் இருக்கும், உங்கள் விளம்பரத்தில் உள்ள சொற்களே திரும்ப வரும், ஐந்து பேரும் ஒரே மாதிரி முற்றுப்புள்ளி வைத்திருப்பார்கள். படிக்கிறவர்கள் இதைக் கண்டுபிடிக்க நிபுணராக வேண்டியதில்லை.

புதுப் பொருள், இன்னும் ஒருவரும் எதுவும் எழுதவில்லை என்றால் அந்த இடத்தைக் காலியாக விடுங்கள். அதற்குப் பதில் வறுத்த தேதி, சேர்பொருள், காய்ச்சும் முறை, எத்தனை நாள் கெடாமல் இருக்கும் என்பதை எழுதுங்கள். முதல் இருபது பார்சலில் மேலே சொன்ன இரண்டு கேள்விகளையும் ஒரு துண்டுச் சீட்டில் அச்சடித்து உள்ளே வையுங்கள், பதில் அனுப்ப உங்கள் வாட்ஸ்அப் எண்ணோடு.