நிதிக் குழுவின் முன் பொருளாளர் பேச வேண்டிய பத்து நிமிடங்கள்

யாழ்ப்பாணத்தில் கிராம அபிவிருத்திச் சங்கங்களுக்கும் மாதர் சங்கங்களுக்கும் சனசமூக நிலையங்களுக்கும் கணக்காய்வு செய்து கொடுப்பது என் தொழில். அதனோடு, சிறிய நிதியுதவிகளைத் தெரிவு செய்யும் குழுவொன்றில் சில ஆண்டுகள் இருந்திருக்கிறேன். எழுத்து முன்மொழிவில் தேறிய சங்கங்களை அழைத்துப் பத்து நிமிடம் பேசவிட்டு, அடுத்த பத்து நிமிடம் கேள்வி கேட்பது எங்கள் வழக்கம். தாளில் நன்றாக இருந்த முன்மொழிவுகள் அந்த இருபது நிமிடங்களில் விழுந்ததைப் பல தடவை பார்த்திருக்கிறேன். பேச்சு வன்மை குறைந்ததால் விழுந்தவை மிகச் சில. பெரும்பாலானவை தேவையைப் பொதுவாகவும் பொறுப்பை வாக்குறுதியாகவும் சொன்னதால் விழுந்தவை.

நான் குழுவிலிருந்து விலகிய பின் ஆயத்தப்படுத்த உதவிய ஒரு மாதர் சங்கத்தை வைத்து இதை விளக்குகிறேன். அடையாளம் தெரியாதிருக்கச் சில விபரங்களை மாற்றியிருக்கிறேன். தீவகத்திலுள்ள ஒரு கிராமம். 32 பிள்ளைகள் படிக்கும் முன்பள்ளியை அந்தச் சங்கம் நடத்துகிறது. அதன் கூரையில் விழும் மழைநீரைச் சேர்க்க 8,000 லீற்றர் கொள்ளும் சீமெந்துத் தாங்கி ஒன்றைக் கட்ட வேண்டும். மொத்தச் செலவு 310,000 ரூபாய். குழி வெட்டுவதும் மண், கல் ஏற்றி இறக்குவதும் உறுப்பினர்களின் சிரமதானம் என்று 40,000 ரூபாயைக் கழித்து, 270,000 ரூபாயைக் கேட்டார்கள்.

முதல் ஒத்திகையைத் தலைவியின் வீட்டு விறாந்தையில் வைத்தோம். தலைவி எழுந்து நின்று, “மதிப்புக்குரிய ஐயா, அம்மா அவர்களே” என்று தொடங்கி, இடப்பெயர்வையும் மீள்குடியேற்றத்தையும் வறுமையையும் ஏழு நிமிடம் பேசினார். அவர் சொன்ன ஒவ்வொன்றும் உண்மை. ஆனால் அன்று குழுவின் முன் வரக்கூடிய எல்லாச் சங்கங்களுக்கும் அதே வரலாறுதான், தீவகத்திலிருந்து வருபவர்கள் அனைவரும் “கடும் நீர்த் தட்டுப்பாடு” என்ற அதே சொற்களைத்தான் சொல்வார்கள். காலையிலிருந்து ஐந்தாவது தடவையாக அதைக் கேட்கும் ஒருவரால் இந்த ஊரையும் அடுத்த ஊரையும் பிரித்தறிய முடியாது. கல் நெஞ்சால் அல்ல, பிரித்தறிய ஒன்றும் கொடுக்கப்படாததால்.

“தண்ணீர்ப் பவுசர் வராத நாளில் முன்பள்ளியில் என்ன நடக்கும்?” என்று கேட்டேன். தலைவி ஆசிரியையைப் பார்த்தார். ஆசிரியை, “பத்தரைக்கே பிள்ளையளை அனுப்பிவிடுவன்” என்றார். எத்தனை நாள் அப்படி நடந்தது என்று அவருக்கும் சரியாகத் தெரியவில்லை. ஆகவே அடுத்த நான்கு வாரங்கள் வரவுப் பதிவேட்டின் ஓரத்தில் இரண்டு குறிப்புகளை மட்டும் எழுதச் சொன்னேன்: அன்று பவுசர் வந்ததா, முன்பள்ளி எத்தனை மணிக்கு மூடப்பட்டது. முடிவில் வாரம் இரண்டு வீதம் எட்டுத் தடவை வர வேண்டிய பவுசர் ஐந்து தடவையே வந்திருந்தது, மூன்று நாட்கள் பள்ளி நேரத்துக்கு முன்பே மூடப்பட்டிருந்தது. தேவையைச் சொல்லும் பகுதி அதன்பின் ஒன்றரை நிமிடமாகச் சுருங்கியது. எண்ணியவர் யார், எப்போது எண்ணினார், எதில் எழுதினார் என்ற மூன்றும் அதில் இருந்தன. பதிவேட்டையே கையில் எடுத்துக்கொண்டு போகும்படியும் சொன்னேன். பக்கத்தைத் திறந்து காட்டக்கூடிய ஓர் எண்ணைக் குழு குறுக்குக் கேள்வி கேட்பது குறைவு.

ஒரு பிள்ளையின் பெயரையோ நோயையோ படத்தையோ காட்டி இரக்கம் தேடக் கூடாது என்பதையும் அங்கேயே முடிவு செய்தோம். தாய் ஒருத்தி சம்மதித்தாலும், நான்கு வயதுப் பிள்ளை சம்மதிக்கவில்லை.

தேவையை நிறுவுவதில் இன்னொரு பாதி உண்டு. கேட்கும் பொருள் அந்தத் தேவையை எவ்வளவு தீர்க்கும், எங்கே தீர்க்காது என்பது அது. “இந்தத் தாங்கி வந்தால் தண்ணீர்ப் பிரச்சினை தீர்ந்துவிடும்” என்று முதல் வரைவில் இருந்தது. கணக்கைப் போட்டுப் பார்த்தோம். 50 சதுர மீற்றர் கூரையில் ஒரு மில்லிமீற்றர் மழை பெய்தால் 50 லீற்றர் விழும். சிதறுவதையும் முதல் மழையில் கூரை கழுவிப் போவதையும் கழித்தால் ஏறத்தாழ 40 லீற்றர் தாங்கிக்கு வரும். ஆகவே 200 மில்லிமீற்றர் மழையில் தாங்கி நிரம்பும், ஐப்பசி முதல் மார்கழி வரையான எங்கள் மாரிக்கு அது பெரிய அளவல்ல. பிள்ளைக்கு நாளொன்றுக்கு இரண்டு லீற்றர் என்றால் 32 பேருக்கும் 64 லீற்றர், 8,000 லீற்றர் 125 பள்ளி நாட்களுக்குப் போதும். தை மாதத்தில் நிரம்பிய தாங்கியோடு தொடங்கினால் விடுமுறைகளோடு சேர்த்து ஆடி வரை ஓடும். குடிக்க மட்டும். கை கழுவவும் மலசலகூடத்துக்கும் போதாது.

இதைச் சொல்லத்தான் வேண்டுமா என்று தலைவி தயங்கினார். ஆடிக்குப் பின் மாரி தொடங்கும் வரை பவுசரை நம்பித்தான் இருப்போம் என்று தாங்களே சொன்னால் கேட்பது பலவீனமாகிவிடாதா என்பது அவருடைய பயம். குழுவில் இருந்தவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்தது வேறு. எல்லையைச் சொல்லாத சங்கத்திடம் அந்த எல்லையைத் தேடித்தான் கேள்விகள் வரும், பத்து நிமிடமும் அதிலேயே போகும். “ஏன் இன்னொரு கிணறு வெட்டக் கூடாது?” என்பதும் நிச்சயம் வரும் கேள்வி. தீவகத்தில் மழையால் ஊறிய நன்னீர், உவர்நீரின் மேல் ஒரு மெல்லிய படையாகத்தான் நிற்கிறது, அதிகமாக இறைத்தால் கீழிருக்கும் உவர் மேலே ஏறிவிடும். ஊரில் எல்லாருக்கும் தெரிந்ததுதான், ஆனால் அதை அரை நிமிடத்தில் சொல்லப் பழகியிருக்க வேண்டும்.

இனிப் பொறுப்புக்கூறல். “ஒவ்வொரு சதமும் வெளிப்படையாகவும் நேர்மையாகவும் செலவு செய்யப்படும்” என்ற வசனத்தை நான் கேட்காத நாள் இல்லை. அது ஒருவருக்கும் எதையும் சொல்வதில்லை. பணம் வங்கிக்கு வந்த நாளிலிருந்து கொத்தனாரின் கைக்குப் போகும் வரை எந்தெந்த இடத்தில் யார் தடுத்து நிறுத்தலாம் என்பதைச் சொல்வதே பொறுப்புக்கூறல். அதைச் சொல்லக்கூடியவர் பொருளாளர். பல சங்கங்களில் கணக்கை எழுதும் பெண் மூலையில் பேசாமல் இருப்பார், தலைவரோ தலைவியோ பேசுவார், குழு காசைப் பற்றிக் கேட்டதும் தலைவர் திரும்பி அவர் முகத்தைப் பார்ப்பார். அந்தப் பார்வையைக் குழு தவறவிடுவதில்லை. ஆகவே நான்கு நிமிடத்தைப் பொருளாளருக்கு ஒதுக்கினோம்.

அங்கேதான் சிக்கல் வந்தது. மூன்று கொத்தனார்களிடம் எழுத்தில் விலை கேட்டிருந்தார்கள். ஆகக் குறைந்த விலையைக் கொடுத்தவர் பொருளாளருடைய கணவரின் தம்பி. “இதைச் சொன்னால் காசு தரமாட்டினம் அண்ணை” என்றார் பொருளாளர். சொல்லாமல் விட்டுப் பின்னர் தெரியவந்தால் என்ன ஆகும் என்று கேட்டேன். நூற்றிருபது குடும்பங்களுள்ள ஊரில் உறவில்லாத கொத்தனாரைத் தேடினால் ஆள் கிடைக்காது, இது குழுவுக்கும் தெரியும். (குழுவில் இருப்பவர்களுக்கும் தீவகத்தில் சம்பந்திகள் இருக்கிறார்கள்.) உறவு இருப்பது குற்றமல்ல. அந்த உறவை அறிந்த பின் சங்கம் என்ன செய்தது என்பதுதான் கேட்கப்படும்.

அப்போது வரை அவர்கள் ஒன்றும் செய்திருக்கவில்லை. ஆகவே நிர்வாக சபையை மீண்டும் கூட்டினார்கள். பொருளாளர் உறவைச் சொல்லிவிட்டு வெளியே போனார், மற்றவர்கள் மூன்று விலைகளையும் ஒப்பிட்டுத் தெரிவு செய்தார்கள், அது கூட்டறிக்கையில் எழுதப்பட்டது. அந்தக் கொத்தனாருக்கான காசோலைகளில் பொருளாளருக்குப் பதிலாகச் செயலாளர் தலைவியோடு கையெழுத்திடுவதென்று தீர்மானித்து வங்கிக்கும் அறிவித்தார்கள். கூலியில் 30 வீதம் முற்பணம், சுவர் எழுந்ததும் 60 வீதம், மிகுதி 10 வீதம் தாங்கியை நிரப்பி ஏழு நாள் விட்டு நீர்மட்டத்தை அளந்து, கசிவில்லை என்று கண்ட பின். கம்பி வலையில் சீமெந்து பூசிக் கட்டும் இத்தகைய தாங்கிகளில் பூச்சை நன்றாக நனைத்து ஆறவிடாமல் அவசரப்பட்டால் மயிரிழை வெடிப்புகள் வரும், அவை நிரப்பிய பிறகே தெரியும். முழுக் கூலியையும் வாங்கிப் போன கொத்தனாரைத் திரும்பக் கூப்பிடுவது எவ்வளவு கடினம் என்பது வீடு கட்டியவர்களுக்குத் தெரியும்.

மற்றொரு விடயம் பழையது. முன்னொரு நிதியுதவியில் தையல் பயிற்சி முடிந்து 11,400 ரூபாய் மிஞ்சியிருந்தது. வழங்கியவர்களைக் கேட்காமல் அதைக் கிணறு இறைக்கச் செலவழித்துவிட்டார்கள். பற்றுச்சீட்டு இருக்கிறது, களவு ஒன்றும் இல்லை, ஆனால் அனுமதியும் இல்லை. அதையும் பேச்சில் சேர்த்தோம், மூன்றே வசனங்களில்: என்ன செய்தோம், எப்போது கடிதம் எழுதி அறிவித்தோம், இப்போது மிகுதிப் பணத்துக்கு என்ன விதி வைத்திருக்கிறோம். கடிதம் ஒத்திகைக்குப் பிறகுதான் எழுதப்பட்டது என்பதால் அந்தத் திகதியையே சொல்லச் சொன்னேன். பழைய திகதி போடலாமா என்று ஒருவர் கேட்டார். அப்படியானால் நான் இந்த விறாந்தையில் இருக்க முடியாது என்றேன்.

வாய்விட்டுச் சொல்லிப் பார்க்காமல் இவை எதுவும் நிலைக்காது. பொருளாளர் முதலில் “இரண்டு இலட்சத்து எழுபதாயிரம்” என்பதையே இரண்டு தடவை மாற்றிச் சொன்னார். தாளில் சதம் வரை இருக்கட்டும், வாயால் மூன்று தொகைகளை மட்டும் சொல்லுங்கள் என்றேன்: மொத்தம், எங்கள் பங்கு, கேட்பது. எங்கள் பங்கைச் சொன்னதும் “சிரமதானத்தை எப்படி 40,000 என்று மதித்தீர்கள்?” என்று கேட்பார்கள். ஊரில் அன்று கொடுக்கப்படும் நாட்கூலியை ஆள்நாட்களால் பெருக்கியது, வந்தவர்கள் கையெழுத்திடும் ஏடு இது என்று வெறும் ஏட்டையாவது காட்ட வேண்டும்.

அன்று நான் உள்ளே போகவில்லை. வெளியே வந்து அவர்கள் சொன்னபடி, கொத்தனாரின் உறவைப் பற்றிக் குழு ஒரு கேள்வியும் கேட்கவில்லை, கூட்டறிக்கையின் பிரதியை மட்டும் வாங்கி வைத்துக்கொண்டது. 11,400 ரூபாயைப் பற்றி ஒருவர் சற்றுக் கடுமையாகவே கேட்டிருக்கிறார். நீர்ப் பரிசோதனைக்கு ஒதுக்கிய தொகை ஒரு தடவைக்கு மட்டுமே போதும், அடுத்த ஆண்டு யார் கட்டுவது என்று இன்னொருவர் கேட்டபோது மூவரிடமும் பதில் இருக்கவில்லை. அதை நானும் யோசித்திருக்கவில்லை. பெற்றோர் கூட்டத்தில் பேசி இரண்டு வாரத்தில் எழுத்தில் தருகிறோம் என்று ஆசிரியை சொல்லியிருக்கிறார்.

பணம் இரண்டு தவணைகளாக வந்தது. முதல் தவணைக்கு முன், ஆசிரியை தருவதாகச் சொன்ன அந்தக் கடிதத்தைக் கேட்டு வாங்கினார்கள்: பிள்ளை ஒன்றுக்கு மாதம் 50 ரூபாய், தனி ஏட்டில், ஆசிரியையின் கையெழுத்தோடு.