தேதி மட்டும் நகர்ந்த காலை: தையல் கடையில் ஒரு கூகுள் ஷீட்

சின்னக் கடைகளுக்குக் கணக்கும் கம்ப்யூட்டரும் பார்த்துக் கொடுப்பது என் தொழில். ஐந்து மிஷின் ஓடும் ஒரு பிளவுஸ் கடையின் அக்கா, முகூர்த்த மாதத்தில் ஒரு நாள் காலையில் போன் செய்தார். "தம்பி, ஷீட்டில் இன்னும் நாலு நாள் இருக்கிறது என்று போட்டிருக்கிறது. கல்யாணப் பெண்ணின் அம்மா வாசலில் நின்று பிளவுஸ் கேட்கிறார்கள்."

கடையின் அன்றாட வேலைப் பட்டியல் முழுக்க ஒரே கூகுள் ஷீட்டில்தான். A பில் எண், B பெயர், C வேலை, D டெலிவரி தேதி, E மிஷின் எண், F நிலை. காலையில் போனைத் திறந்து, தன் மிஷினுக்கு வந்ததை எடுத்துத் தைக்க வேண்டியது. நல்ல ஏற்பாடுதான். பில் புத்தகத்தை எடுத்து வைத்துப் பார்த்தபோது பிரச்சினை புரிந்தது. 34 வேலைகளில் பெரும்பாலானவற்றுக்குத் தேதி பில்லோடு ஒத்துப்போகவில்லை. ஷீட்டில் மட்டும் தேதிகள் மேலிருந்து கீழே அழகாக வரிசையில் நின்றன.

அந்த அழகுதான் துப்பு. கவுண்டரில் இருந்த பெண், அவசரமானது மேலே வரட்டும் என்று D பத்தியைத் தேர்ந்தெடுத்து Data மெனுவில் Sort range கொடுத்திருக்கிறார். அது தேர்ந்தெடுத்த பகுதியை மட்டும்தான் அடுக்கும். பெயரும் பில் எண்ணும் இருந்த இடத்திலேயே இருக்க, தேதி மட்டும் ஆள் மாறிப் போய்விடும். அதே மெனுவில் பக்கத்திலேயே இருக்கும் Sort sheet கொடுத்திருந்தால் வரி வரியாக நகர்ந்திருக்கும். திரையில் எந்தப் பிழையும் காட்டாது என்பதால், வாடிக்கையாளர் வந்து நிற்கும் வரை யாருக்கும் தெரியாது.

இப்படி ஆனால் File, Version history, See version history என்று போய்ப் பழைய நிலையைப் பார்க்கலாம். ஆனால் உடனே Restore அழுத்தாதீர்கள். அதற்குப் பிறகு எல்லோரும் மாற்றிய 'நிலை' எல்லாம் பழையபடி ஆகிவிடும். நாங்கள் அந்தப் பழைய பதிப்பைத் தனி நகலாக எடுத்து, D பத்தியின் 34 தேதிகளை மட்டும் இங்கே ஒட்டினோம். ஒட்டும் முன் பில் எண்கள் இரண்டிலும் அதே வரிசையில் இருக்கின்றனவா என்று பார்த்துக்கொண்டோம். பில் எண் மட்டும் இல்லாமல் இருந்திருந்தால் அன்றைக்கு எதையும் சேர்த்திருக்க முடியாது. துணிப் பையில் குத்திய சீட்டிலும் அதே எண் இருக்க வேண்டும். 'ஏழாவது வரியில் உள்ள பச்சை பிளவுஸ்' என்று பேசும் பழக்கம், யாராவது ஒரு முறை சரியாகவே அடுக்கினாலும் உதவாமல் போய்விடும்.

யார் செய்தது என்று திட்ட வேண்டாம் என்றேன். அவர் தேடியது நியாயமானது; எது முதலில் என்று தெரிய வேண்டும், அவ்வளவுதான். அதனால் மூல ஷீட்டை யாரும் அடுக்கத் தேவையில்லாதபடி, மிஷினுக்கு ஒரு தாள் போட்டோம். இரண்டாவது மிஷின் தாளின் A2 கட்டத்தில் இது மட்டும்தான்:

```
=SORT(FILTER('வேலை'!A2:F, 'வேலை'!E2:E=2, 'வேலை'!F2:F<>"டெலிவரி"), 4, TRUE)
```

'வேலை' என்பது மூலத் தாள். அதில் மிஷின் எண் 2 போட்டு, இன்னும் டெலிவரி ஆகாதவை மட்டும் தேதி வரிசையில் இங்கே வந்து நிற்கும். நாலு என்பது நான்காவது பத்தி, அதாவது தேதி. மூலத் தாளில் D பத்தியை Protect செய்து அக்காவுக்கு மட்டும் விட்டோம். F பத்தியில் டிராப் டவுன் வைத்தோம். அதற்கு முன்பு 'ஓகே', 'முடிஞ்சுது', 'ரெடி' என்று ஆளுக்கொரு சொல். தைத்தது ரெடியா, ஹூக் வைத்தது ரெடியா என்று எப்படித் தெரியும்?

இன்னொன்றும் கண்ணில் பட்டது. துணி வந்த தேதிக்கு ஓரமாக ஒரு பத்தி இருந்தது. தெரிந்த பையன் யாரோ அதில் `=TODAY()` போட்டுக் கொடுத்திருக்கிறான். அது தினமும் மாறும். மூன்று வாரத்துக்கு முந்தைய துணியும் இன்று காலை வந்ததாகத்தான் காட்டும். கம்ப்யூட்டரில் Ctrl உடன் அரைப்புள்ளியை (;) அழுத்தினால் அன்றைய தேதி நிலையாகப் பதியும்.

லிங்க் இருந்தால் யாரும் திருத்தலாம் என்பதையும் நிறுத்தி, ஒவ்வொருவர் மெயில் ஐடிக்கும் தனித்தனியாகக் கொடுத்தோம். பெண்களின் அளவு விவரம் அளவு நோட்டிலேயே இருக்கட்டும் என்றும் சொன்னேன்.

அடுத்த வாரமே மறுபடி போன். இரண்டாவது மிஷின் தாளில் பட்டியல் மறைந்து #REF! நிற்கிறது. தைத்து முடித்தவர், மூலத் தாளுக்குப் போகாமல் அந்தத் தாளிலேயே 'தையல் முடிந்தது' என்று அடித்துவிட்டார். அந்த ஒரு கட்டத்தை அழிக்கச் சொன்னேன். பட்டியல் அப்படியே திரும்பி வந்தது.