விடுபட்ட இடுப்பளவை நீக்குவதா, நிரப்புவதா?

பட்டர்வொர்த்திலிருந்து ஒரு முதுகலை மாணவி கேட்கிறார்: "300 பேரின் வயது, பாலினம், இரத்த அழுத்தம் ஆகியவற்றைப் பதிந்தோம். 60 பேருக்கு இடுப்பளவு மட்டும் இல்லை. இடுப்பளவோடு இரத்த அழுத்தம் எப்படி உயர்கிறது என்று தொடர்புப்போக்குச் சமன்பாடு போடும்போது அவர்களை விட்டுவிடலாமா?"

எத்தனை பேர் விடுபட்டார்கள் என்பதைவிட ஏன் விடுபட்டார்கள் என்பதே முக்கியம். 5 விழுக்காட்டுக்குக் கீழே என்றால் நீக்கலாம் என்று ஆய்வேடுகளில் ஓதப்படும் விதியை நான் மூடநம்பிக்கையாகவே கருதுகிறேன்.

அளவெடுக்கப் பெண் பணியாளர் இல்லாததால் பெண்கள் பலர் மறுத்தார்கள் என்று வைத்துக்கொள்வோம். பாலினமும் சமன்பாட்டில் இருந்தால், அந்த 60 பேரை நீக்கினாலும் சாய்வு, அதாவது இடுப்பளவு ஒரு சென்டிமீட்டர் கூடும்போது அழுத்தம் உயரும் அளவு, ஒருபக்கமாகத் திரிவதில்லை, துல்லியம்தான் குறைகிறது. ஆனால் அழுத்தம் மிக உயர்ந்திருந்தவர்களில் பலரை இடுப்பை அளக்காமலே மருத்துவரிடம் அனுப்பியிருந்தால் கதை வேறு. நீக்கும்போது உயர் அழுத்தக்காரர்கள் குறைந்துபோகிறார்கள், சாய்வு தட்டையாகிறது. இங்கே பன்முறை நிரப்புதல் தேவை.

புள்ளியியலாளர் டொனால்டு ரூபின் வகுத்த இந்த முறை எனக்கு மிகவும் பிடித்தது. வயது, பாலினம், இரத்த அழுத்தம் மூன்றையும் கொண்டு இடுப்பளவை ஊகிக்க வேண்டும். விளைவான இரத்த அழுத்தத்தை இதில் சேர்ப்பது ஏமாற்று வேலை போலத் தோன்றும். சேர்க்காவிட்டால்தான் சாய்வு பொய்யாகக் குறையும். ஊகத்தோடு தற்செயலான விலகலையும் கூட்டி, தரவை, எடுத்துக்காட்டாக, 5 முறை நிரப்புகிறோம். ஒவ்வொரு முறையும் ஊகச் சமன்பாட்டின் கெழுக்களும் சற்றே மாறும்.

ஒரு சென்டிமீட்டருக்கு அழுத்தம் எவ்வளவு உயர்கிறது என்பதற்கு 0.40, 0.46, 0.43, 0.37, 0.44 என ஐந்து விடைகள் கிடைத்தன என்று கொள்வோம். சராசரி 0.42. ஒவ்வொன்றின் திட்டப்பிழையும் 0.05, அதன் வர்க்கம் 0.0025, இதுவே W. விடைகளுக்கு இடையிலான மாறுபாடு B 0.00125. நிரப்பிய முறைகளின் எண்ணிக்கை m இங்கே 5. மொத்த மாறுபாடு T இப்படி வருகிறது:

```
T = W + (1 + 1/m)B
  = 0.0025 + 1.2 × 0.00125 = 0.0040
```

இதன் வர்க்கமூலம் 0.063. திட்டப்பிழை 0.05 என்று நின்றிருந்தால், நிரப்பிய எண்களை அளந்த எண்களாகவே நம்பியிருப்போம். ஐந்து விடைகளும் தமக்குள் முரண்படும் அளவே நம் அறியாமையின் அளவாகக் கணக்கில் ஏறுகிறது. சராசரியை ஒரே முறை நிரப்புபவருக்கு இது கிடைப்பதில்லை.

இனி, பருத்த இடுப்புடையவர்கள் கூச்சப்பட்டு மறுத்திருந்தால்? காணாமற்போன எண்ணே அது காணாமற்போனதற்குக் காரணம் என்பதால் வழக்கமான நிரப்புதல் தவறிவிடுகிறது. மறுப்புக்கும் இரத்த அழுத்தத்துக்கும் நேரடித் தொடர்பு இல்லையென்றால், சமன்பாட்டின் வடிவமும் சரியாக இருந்தால், எளிய நீக்கமே சரியான சாய்வைத் தரும். எனவே அந்த மாணவி மென்பொருளைத் திறப்பதற்கு முன் அளவெடுத்தவர்களிடம் காரணம் கேட்டு எழுதிக்கொள்ளட்டும். ஆய்வு நிதி தருபவர்கள் இன்னொரு பெண் பணியாளருக்குச் சம்பளம் ஒதுக்கியிருந்தால் முதல் வகை இடைவெளிகளில் பல இருந்தே இருக்காது.